சிங்கப்பூரிலிருந்து வந்த படம்: எச்சரிக்கை அசலா, போலியா?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கணவரிடமிருந்தோ பிள்ளையிடமிருந்தோ முன்பெல்லாம் கடிதம் வந்தது. பிறகு போன் வந்தது. இப்போது வாட்ஸ்அப்பில் படம் வருகிறது. தான் சமைத்த ரசத்தின் படம், தேக்காவில் எடுத்த சட்டையின் படம் என்று வந்துகொண்டிருந்த இடத்தில், ஒரு நாள் ராத்திரி வேறு மாதிரி ஒரு படம் வந்து விழும். மேலே வங்கியின் பெயர். நடுவில் ஒரு கட்டம். "உங்கள் போனில் ஆபத்தான ஆப் இருக்கிறது. அதை நீக்கும்வரை கணக்குக்குள் போக முடியாது" என்று பொருள்படும்படி இங்கிலீஷில் நாலு வரி. படத்துக்குக் கீழே அவருடைய கேள்வி: "இது நிஜமா, ஏமாத்து வேலையா? நாளைக்கு வீட்டுக்குப் பணம் போடணும்."

அங்கேயே இருக்கிறவருக்குத் தெரியாதது இங்கே அடுப்படியில் இருக்கிற நமக்கா தெரியப்போகிறது என்று நினைக்க வேண்டாம். பகல் முழுக்க உழைத்துவிட்டுத் தூக்கக் கண்ணோடு போனைப் பார்க்கிறவரைவிட, நிதானமாக உட்கார்ந்து பார்க்கிற நமக்குச் சில விஷயங்கள் சுலபமாகவே கண்ணில் படும். ஆனால் எதைப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். வங்கியின் சின்னம் சரியாக இருக்கிறதா, நிறம் ஒத்துப்போகிறதா, இங்கிலீஷில் பிழை இருக்கிறதா என்றுதான் முக்கால்வாசிப் பேர் பார்க்கிறார்கள். அதையெல்லாம் பார்த்துப் பயனில்லை. வங்கியின் சின்னத்தை அப்படியே எடுத்து ஒட்டுவதற்கு ஒரு நிமிஷம் போதும். பிழையில்லாமல் இங்கிலீஷ் எழுதுவதும் இந்தக் காலத்தில் திருடனுக்கு ஒரு கஷ்டமே இல்லை.

மேலே சொன்ன படத்தையே எடுத்துக்கொள்வோம். பத்துப் பேரிடம் காட்டினால் எட்டுப் பேர் "ஐயோ, போலி! தொடாதே!" என்பார்கள். பயமுறுத்துகிறது, வழியை மறிக்கிறது, உடனே ஏதோ செய் என்கிறது. போலி எச்சரிக்கைக்குச் சொல்லப்படும் லட்சணம் எல்லாம் பொருந்தி இருக்கிறது. ஆனால் இப்படி ஓர் எச்சரிக்கை சிங்கப்பூரில் நிஜமாகவே உண்டு.

2023 ஆகஸ்டில் ஓ.சி.பி.சி. வங்கி தன் ஆப்பில் ஒரு புதிய காவலைச் சேர்த்தது. ஆண்ட்ராய்டு போனில் வங்கி ஆப்பைத் திறந்தவுடன் அது ஒரு சோதனை செய்யும். கூகுளின் பிளே ஸ்டோர் போன்ற முறையான கடை வழியாக வராமல், வேறு வழியில் போனுக்குள் வந்த ஆப் ஏதாவது உண்டா, அந்த ஆப்புக்கு ஆபத்தான அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும். இரண்டும் சேர்ந்து இருந்தால், அந்த ஆப்பின் பெயரைப் போட்டு, கதவை மூடிவிடும். அன்றைக்குச் சிங்கப்பூர்க்காரர்கள் பட்ட கோபம் கொஞ்ச நஞ்சம் இல்லை. அந்த எச்சரிக்கையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டு, "என் போனில் என்ன இருக்கிறது என்று பார்க்க வங்கி யார்?" என்று கேட்டார்கள். தாங்கள் போனில் நடப்பதைக் கண்காணிக்கவில்லை, யாருடைய சொந்தத் தகவலையும் எடுத்து வைக்கவில்லை என்று வங்கி பதில் சொன்னது. அந்நாட்டின் நாணய வாரியமும் இந்த ஏற்பாட்டுக்கு ஆதரவாகவே பேசியது. அதன் பிறகு டி.பி.எஸ்., யூ.ஓ.பி. என்ற மற்ற பெரிய வங்கிகளும் இதே மாதிரி காவலைப் போட்டுவிட்டன.

எதற்காக இத்தனை கெடுபிடி? அந்த வருஷம் அங்கே ஒரு திருட்டு தலைவிரித்தாடியது. ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் வரும். வீட்டைச் சுத்தம் செய்து தருகிறோம், ஏ.சி. கழுவித் தருகிறோம், முட்டையும் மீனும் மலிவு விலையில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம் என்று இருக்கும். கேட்டுப் பார்த்தால் வாட்ஸ்அப்பில் மரியாதையாகப் பேசுவார்கள். "எங்கள் ஆப்பில் ஆர்டர் கொடுங்கள், முன்பணம் கொஞ்சம் கட்டினால் போதும்" என்று, பெயரின் கடைசியில் .apk என்று முடியும் ஒரு ஃபைலை அனுப்புவார்கள். அதைப் போட்டவுடன் அது ஓர் அனுமதி கேட்கும். அதற்குப் பெயர் அக்ஸஸபிலிட்டி. கண் பார்வை குறைந்தவர்களுக்குத் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டவும், விரலை நகர்த்த முடியாதவர்களுக்குப் பதிலாகப் பொத்தானை அமுக்கவும் நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்ட வசதி அது. அதே வசதி திருடன் கைக்குப் போனால், நாம் அடிக்கும் ரகசிய எண்ணை அவன் படிக்கலாம், நாம் தூங்கும் நேரத்தில் நம் போனை அவனே இயக்கலாம். 2023-ன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் சிங்கப்பூர் போலீசுக்கு வந்த இந்த வகைப் புகார் 750-க்கும் மேல். போன பணம் குறைந்தது 1 கோடி சிங்கப்பூர் டாலர். முட்டை வாங்கப் போன இடத்தில் சேமிப்பே போனது.

இந்தக் கதை தெரிந்த பிறகு படத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். அது என்ன செய்யச் சொல்கிறது? ஒன்றை நீக்கச் சொல்கிறது. போனில் ஏற்கனவே இருக்கும் ஒன்றை வெளியே தூக்கிப் போடு என்கிறது. புதிதாக எதையும் போடச் சொல்லவில்லை. ரகசிய எண்ணைக் கேட்கவில்லை. "இந்த நம்பருக்குக் கூப்பிடு" என்று அவசரப்படுத்தவில்லை. "24 மணி நேரத்துக்குள்" என்று கெடு வைக்கவில்லை. நீங்கள் நீக்காவிட்டால் அந்த எச்சரிக்கைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அது பாட்டுக்கு அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.

இப்போது இன்னொரு படம் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அதே வங்கி, அதே சின்னம், அதே நிறம். "உங்கள் போனில் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. கணக்கு இன்று இரவு முடக்கப்படும். கீழே உள்ள பாதுகாப்பு அப்டேட்டை உடனே போடவும்." கீழே ஒரு பொத்தான். முதல் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை மாதிரித்தான் தெரியும். ஆனால் இது ஒன்றைப் போனுக்குள் கொண்டுவரச் சொல்கிறது. முதல் படம் எந்த அபாயத்தைப் பார்த்துக் கதவை மூடியதோ, அதே அபாயத்தை இரண்டாவது படம் மருந்து என்று பெயர் சொல்லிக் கையில் கொடுக்கிறது. அசல் வங்கி ஆப்பும் சில சமயம் "புதிய பதிப்பு வந்திருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள்" என்று கேட்கும், வாஸ்தவம். ஆனால் அதைப் பிளே ஸ்டோரிலோ, ஐபோனாக இருந்தால் ஆப் ஸ்டோரிலோ நாமே போய்த் தேடி எடுத்துக்கொள்ளலாம். பொத்தானை அமுக்கினால் .apk என்று ஒரு ஃபைல் இறங்குகிறது என்றால் அது வங்கியின் வேலை இல்லை.

அடுத்தது, எச்சரிக்கை எந்த இடத்தில் நின்றுகொண்டு பேசுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குப் படம் முழுசாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டிய படத்தை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. மணி காட்டும் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புவரை அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். கணக்கு எண்ணும் இருப்புத் தொகையும் தெரிந்தால் அதை மட்டும் மறைத்து அனுப்பட்டும். முழுப் படத்தில் மேலே ஒரு நீளமான பட்டையும் அதில் ஒரு விலாசமும் தெரிந்தால், அது வங்கி ஆப் இல்லை. இணையத்தில் ஏதோ ஒரு பக்கம். அந்த விலாசத்தைப் படிப்பதில்தான் நம்மவர்கள் ஏமாந்து போகிறார்கள். ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன், இது நிஜ விலாசம் இல்லை:

```
https://ocbc.com.verify-login.example/sg
```

பார்த்தவுடன் வங்கியின் பெயர் கண்ணில் படுகிறது, மனசு சமாதானமாகிவிடுகிறது. ஆனால் இணைய விலாசத்தை நம் தபால் விலாசம் மாதிரிப் படிக்க வேண்டும். தபால் விலாசத்தில் முதலில் ஆள் பெயரும் வீட்டுப் பெயரும் இருக்கும், கடைசியில்தான் ஊர் இருக்கும். வாசலில் "திருப்பதி இல்லம்" என்று எழுதிவிட்டால் வீடு திருப்பதியில் இருப்பதாக ஆகிவிடுமா? இங்கேயும் அப்படித்தான். முதலில் வரும் இரட்டைக் கோட்டைத் தாண்டி, அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால், கடைசியாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். verify-login.example என்று இருக்கிறது. அந்தப் பக்கத்துக்குச் சொந்தக்காரர் அவர்தான். முன்னால் இருக்கும் ocbc.com வாசலில் எழுதிய பெயர். பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தாலும் அதை நம்பி ஏமாற வேண்டாம். போகிற வழியில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். திருடனும் தன் பக்கத்துக்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

எஸ்.எம்.எஸ். படமாக இருந்தால் சமாசாரம் வேறு. "மேலே பார், போன மாசம் நிஜமா வந்த மெசேஜ் இருக்கு, அதுக்குக் கீழேயேதான் இதுவும் வந்திருக்கு. அப்ப இதுவும் நிஜம்தானே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இந்த ஒரு நியாயத்தை நம்பித்தான் 2021 டிசம்பரில் ஓ.சி.பி.சி. வாடிக்கையாளர்கள் மாட்டிக்கொண்டார்கள். அனுப்புகிறவர் பெயர் என்ற இடத்தில் மோசடிக்காரர்கள் வங்கியின் பெயரையே போட்டு அனுப்பினார்கள். போனுக்கு என்ன தெரியும்? உறையின் பின்பக்கம் இருக்கும் பெயரைப் பார்த்து ஒரே பெயருள்ள கடிதங்களை ஒரே கட்டாகக் கட்டி வைப்பது மாதிரி, போலி மெசேஜையும் அசல் மெசேஜ்களின் கீழேயே சேர்த்து வைத்துவிட்டது. கணக்கில் ஏதோ கோளாறு, இந்த லிங்க்கில் போய்ச் சரிசெய் என்று இருந்ததை நம்பிப் போனவர்கள், அசல் மாதிரியே இருந்த பக்கத்தில் ரகசிய விவரங்களையெல்லாம் கொடுத்துவிட்டார்கள். 790 பேர் சேர்ந்து இழந்தது 1 கோடியே 37 லட்சம் சிங்கப்பூர் டாலர். படிக்காதவர்கள்தான் ஏமாந்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நன்றாகப் படித்து உத்தியோகத்தில் இருந்தவர்களும் அதில் உண்டு. பிற்பாடு வங்கி நல்லெண்ண அடிப்படையில் அத்தனை பேருக்கும் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டது. எல்லாத் தடவையும் அப்படிக் கொடுப்பார்கள் என்று சொல்ல முடியாது.

அந்தச் சம்பவத்தினால் நமக்கு ஒரு சௌகரியம் கிடைத்திருக்கிறது. 2022 ஜனவரியில் அந்நாட்டு நாணய வாரியமும் வங்கிகளின் சங்கமும் சேர்ந்து, வாடிக்கையாளருக்கு அனுப்பும் எஸ்.எம்.எஸ்ஸிலும் மின்னஞ்சலிலும் தொட்டால் திறக்கும் லிங்க் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். ஆகவே சிங்கப்பூர் வங்கியின் பெயரில் வந்த எஸ்.எம்.எஸ்ஸில் ஒரு லிங்க் இருந்து, அதைத் தொட்டுக் கணக்கைச் சரிசெய்யச் சொன்னால், மேற்கொண்டு ஆராய்ச்சியே வேண்டாம், போலி. 2023 ஜனவரி 31 முதல் இன்னொன்றும் உண்டு. பெயர் போட்டு எஸ்.எம்.எஸ். அனுப்புகிற நிறுவனங்கள் அந்தப் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். பதியாத பெயரில் வருவதற்கு மேலே Likely-SCAM என்ற முத்திரை விழும். கணவரின் படத்தில் அந்த வார்த்தை தெரிந்தால் உங்களுக்கு வேலை மிச்சம்.

இதை அப்படியே எல்லாவற்றுக்கும் பொருத்தக் கூடாது. இது எஸ்.எம்.எஸ்ஸுக்குப் போட்ட வேலி. வாட்ஸ்அப்பில், டெலிகிராமில் வருவதற்கு இந்த முத்திரை விழாது. தவிர, இது சிங்கப்பூர் ஏற்பாடு. துபாயில் இருக்கிற தம்பி அனுப்பும் படத்தையும் லண்டனில் இருக்கிற மகள் அனுப்பும் படத்தையும் இந்த அளவுகோலால் அளக்க முடியாது. அந்தந்த ஊர் வங்கி தன் வாடிக்கையாளருக்கு என்ன சொல்லியிருக்கிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும்.

இனி, முதல் படத்துக்குத் திரும்புவோம். கணவர் பணம் போடக் காத்துக்கொண்டிருக்கிறார். அங்கே மணி பத்தரை, இங்கே எட்டு. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. படத்தின் மேல் மூலையில் இருக்கும் மணியைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும். அவர் இப்போதுதான் வந்தது என்கிறார், படமும் பத்தரை என்கிறது, சரியாக இருக்கிறது. இனிமேல் படத்தை உற்று உற்றுப் பார்ப்பதைவிட அவரிடம் பேசுவதுதான் பிரயோஜனம். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போக வேண்டும்.

"ஏங்க, இது எப்படி வந்துச்சு? நீங்களா பேங்க் ஆப்பைத் தொறந்தீங்களா, இல்ல எதாவது மெசேஜைத் தொட்டு அங்க போனீங்களா?"

"நான்தான் தொறந்தேன். பணம் போடலாம்னு தொறந்தா உடனே இது வந்து நிக்குது."

"அதைத் தொடாதீங்க. ஆப்பை முழுசா மூடிட்டு, போன்ல இருக்கிற பேங்க் படத்தை அமுக்கி மறுபடி தொறங்க."

"தொறந்துட்டேன். மறுபடியும் அதேதான்."

"எந்த ஆப்போட பேரு போட்டிருக்கு?"

"கால் ரெக்கார்டர்னு போட்டிருக்கு. ரூம்ல இருக்கிற தம்பி அனுப்பிச்சான். மேஸ்திரி பேசறதையெல்லாம் பதிவு பண்ணி வச்சுக்கலாம்னு போட்டேன். அது நல்ல ஆப்தான், ரெண்டு மாசமா இருக்கு."

இந்தப் பேச்சில் எல்லாம் வந்துவிட்டது. அவராகவே ஆப்பைத் திறந்திருக்கிறார். யாரும் கையைப் பிடித்து அங்கே அழைத்துப் போகவில்லை. மூடித் திறந்தாலும் அதே எச்சரிக்கை, அதே இடத்தில். அதில் சொல்லியிருக்கும் ஆப் நிஜமாகவே போனில் இருக்கிறது, அதுவும் கடை வழியாக வராமல் நண்பர் அனுப்பி வந்தது. படத்தில் இருப்பதும் போனில் இருப்பதும் ஒத்துப்போகின்றன. இது அசல். திரையில் வரும் பொய் எச்சரிக்கை "வைரஸ்" என்று பொத்தாம் பொதுவாகத்தான் சொல்லும். தம்பி அனுப்பிய ஆப்பின் பெயர் அதற்கு எப்படித் தெரியும்?

"நல்ல ஆப்தான்" என்று அவர் சொன்னதிலும் தப்பில்லை. அது நல்லதாகவே இருக்கலாம். போன் பேச்சைப் பதிவு செய்யும் ஆப்கள் அக்ஸஸபிலிட்டி அனுமதியை வைத்து அந்த வேலையைச் செய்வதைக் கூகுள் 2022-ல் தன் கடையில் தடை செய்துவிட்டது. அதனால் அந்த மாதிரி ஆப்கள் வெளிவழியாகக் கைமாறி வருகின்றன. வங்கி ஆப்புக்கு இது நல்லதா கெட்டதா என்று தெரியாது. வெளிவழியாக வந்திருக்கிறது, திரையைப் படிக்கும் சாவி அதன் கையில் இருக்கிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். சில பேருக்கு ஒரு பாவமும் அறியாத ஆப்பின் பெயரெல்லாம் வந்து, அவர்கள் சண்டை போட்டதும் இதனால்தான். எச்சரிக்கை அசல் என்பதும், அதில் பெயர் போட்ட ஆப் திருட்டு ஆப்தான் என்பதும் வேறு வேறு விஷயம்.

நீக்குவது எப்படி? போனின் Settings-க்குள் போய், அதில் Accessibility என்பதைத் திறந்தால், எந்தெந்த ஆப்புக்கு அந்தச் சாவி கொடுத்திருக்கிறோம் என்று தெரியும். கால் ரெக்கார்டருக்கு நேராக இருப்பதை அணைத்துவிட வேண்டும். பிறகு Settings-ல் Apps என்ற இடத்தில் அந்த ஆப்பைத் தேடி Uninstall கொடுக்க வேண்டும். முதலில் அனுமதியை அணைத்துவிட்டு நீக்குவது நல்லது. திருட்டு ஆப்பாக இருந்தால் அந்தச் சாவி கையில் இருக்கும்வரை தன்னை நீக்க விடாமல் மல்லுக்கட்டும். எச்சரிக்கையில் இருக்கும் பொத்தானை நம்ப வேண்டிய அவசியமே இல்லாமல், எல்லாவற்றையும் போனின் சொந்த இடத்திலேயே செய்துவிடலாம். அதுதான் இதில் உள்ள அழகு. ஒருவேளை நம் கணிப்பு தப்பாகி எச்சரிக்கை போலியாகவே இருந்தால்கூட, வெளியாள் அனுப்பிய ஓர் ஆப்பை நீக்கியதால் என்ன குடி முழுகிவிடும்? நீக்கிவிட்டு வங்கி ஆப்பைத் திறந்தால் சாதாரணமாகத் திறக்கும். அசல் என்பதற்கு அதுவே கடைசிச் சாட்சி.

ஒரு விஷயத்தில் மட்டும் "அசலா?" என்று கேட்டுவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. "புதிய போன் ஒன்றில் உங்கள் டிஜிட்டல் டோக்கன் பதிவாகிறது" என்றோ, "இந்தத் தொகையை அனுப்ப அனுமதி கொடுங்கள்" என்றோ வங்கியின் எச்சரிக்கை வருகிறது. டோக்கன் என்பது நாம்தான் அனுப்புகிறோம் என்று வங்கிக்குச் சொல்லும் சாவி. அது போனுக்குள்ளேயே இருக்கிறது. விசாரித்துப் பார்த்தால் எச்சரிக்கை அசல், வங்கிதான் அனுப்பியிருக்கிறது. ஆனால் அதை வரவழைத்தவன் திருடன்! அவன் எங்கேயோ உட்கார்ந்து கணக்குக்குள் நுழையப் பார்க்கிறான், வங்கி நியாயமாக நம்மிடம் கேட்கிறது. 2021-ல் ஏமாந்தவர்களுக்கு வந்த ஓ.டி.பி. எண்களும் வங்கி அனுப்பிய அசல் எண்கள்தான். ஆகவே இந்த வகைப் படத்துக்கு ஒரே கேள்வி: "இப்ப நீங்க இதைச் செஞ்சீங்களா?" செய்யவில்லை என்றால் அனுமதி கொடுக்கவே கூடாது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் தள்ளிப்போடக் கூடாது. அங்கே புதிய டோக்கன் முழுசாக வேலை செய்யத் தொடங்குவதற்குக் குறைந்தது 12 மணி நேரம் இடைவெளி வைத்திருக்கிறார்கள். சொந்தக்காரர் விழித்துக்கொள்வதற்காக வைத்த நேரம் அது. ராத்திரி பத்தரைக்கு வந்த எச்சரிக்கையைத் தூங்கி எழுந்து, வேலைக்குப் போய், சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால் அந்த நேரம் கரைந்து போயிருக்கும்.

யாரைக் கூப்பிடுவது? படத்தில் இருக்கும் நம்பரை அல்ல. வங்கி அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் நம்பரை. கணக்கு முழுவதையும் உடனே முடக்கிவிடும் வசதி அங்குள்ள பெரிய வங்கிகளில் உண்டு. வேண்டும் என்று கேட்டால் செய்துவிடுவார்கள். சந்தேகம் கேட்க மட்டும் என்றால், 1799 என்று மோசடி விசாரணைக்கென்றே ஒரு நம்பர் 2024-லிருந்து அங்கே இருக்கிறது. அங்கிருக்கும் அவர்தான் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் ஓ.டி.பி. எண் தெரிகிற படத்தை அவர் நமக்கோ, நாம் அவருக்கோ அனுப்பிக்கொள்ளக் கூடாது.

கணவர், பிள்ளை என்றால் இப்படிக் கேட்டுச் சரிபார்க்க வழி இருக்கிறது. முகம் தெரியாத ஒருவர், "சிங்கப்பூர் வங்கி என் கணக்கைப் பாதுகாப்புக்காக நிறுத்தி வைத்திருக்கிறது, படத்தைப் பாருங்கள், விடுவிக்க ஐம்பதாயிரம் அனுப்பினால் திருப்பித் தருகிறேன்" என்று ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் என்ன செய்வது? அந்தப் படத்தை ஆராயவே ஆராயாதீர்கள். அவருடைய ஆப்பை நாம் மூடித் திறந்து பார்க்க முடியாது. அட்டையின் பின்னால் இருக்கும் நம்பருக்குப் பேச முடியாது. அந்தப் படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதன் எடை பூஜ்யம்தான். கூர்ந்து பார்த்து "அசல் மாதிரித்தான் இருக்கு" என்று நாமே நம்மைச் சமாதானப்படுத்திக்கொள்வதுதான் அவருக்கு வேண்டியது. இன்னொன்று: பாதுகாப்புக் கருதி ஸ்க்ரீன்ஷாட் எடுக்கவே விடாத வங்கி ஆப்கள் ஆண்ட்ராய்டில் பல உண்டு, எடுத்தால் கறுப்பாக வரும், அல்லது முடியாது என்று போன் சொல்லும். அதனால் வீட்டுக்காரர் இன்னொரு போனில் கோணல்மாணலாகப் போட்டோ எடுத்து அனுப்பினால், படம் அசிங்கமாக இருக்கிறதே என்று அதைப் போலி என்று தள்ளிவிட வேண்டாம்.

சரி, எல்லாம் சொல்லியும் கணவர் பதில் வருவதற்குள் பொத்தானை அமுக்கி, "பாதுகாப்பு அப்டேட்" என்ற அந்த ஃபைலைப் போட்டேவிட்டார் என்றால்? திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் அந்தப் போனை ஏரோப்ளேன் மோடில் போடச் சொல்லுங்கள், வைஃபையும் அணைந்திருக்க வேண்டும். திருடனுக்கும் போனுக்கும் இடையில் இருக்கும் கயிறு அதோடு அறுந்துவிடும். அறையில் இருக்கும் வேறொருவர் போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். அந்தப் போனிலேயே வங்கி ஆப்பைத் திறந்து "பணம் இருக்கா" என்று பார்க்கப் போகக் கூடாது; அடிக்கிற ரகசிய எண்ணும் சேர்ந்து போகும். பணம் போயிருப்பது தெரிந்தால் போலீசில் புகார் கொடுக்க வேண்டும். அதன் பிறகு போனை ஃபேக்டரி ரீசெட் செய்து, அதாவது கடையில் வாங்கியபோது இருந்த நிலைக்குத் துடைத்துவிட்டு, எல்லா ரகசிய எண்களையும் மாற்ற வேண்டும். இதில் போனில் இருக்கும் குழந்தைகளின் படங்கள் போய்விடுமே என்று அவர் தயங்குவார். வாட்ஸ்அப்பில் நமக்கு அனுப்பியதெல்லாம் நம்மிடம் பத்திரமாக இருக்கிறது, திருப்பி அனுப்புகிறோம் என்று சொல்லுங்கள்.